லைனில் 7 பீஸா, பெட்டி கட்டியபின் 125 பீஸா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தைத்த பீஸ்களைச் சாம்பிள் எடுத்துச் சோதிப்பது இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது, லைன் ஓடும்போதே. குவாலிட்டி ஆள் சுற்றிவந்து, டைலர் தைத்து முடித்த பண்டலிலிருந்து 7 பீஸ் உருவிப் பார்ப்பார். தவறு இல்லையென்றால் மெஷினில் பச்சை அட்டை, ஒன்று இருந்தால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. இந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

இரண்டாவது, சரக்கு பெட்டிக்குள் போனபின், எவ்வளவு தவறு வரை ஏற்கலாம் என்ற வரம்பை வைத்து நடக்கும் ஏக்யூஎல் சோதனை. ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணைப்படி 2,000 பீஸ் ஆர்டருக்கு வழக்கமான நிலையில் 125 பீஸ் எடுப்பார்கள். ஏக்யூஎல் வரம்பு 2.5 என்றால் 7 தவறு வரை சரக்கு போகும், 8 வந்தால் நிற்கும். சரக்கை அனுப்பலாமா என்று முடிவுசெய்ய இதுதான் சரியான வழி. ஆனால் தைத்தவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. பல டைலர்களின் பீஸ் கலந்துவிட்ட பிறகு தவறு யார் மெஷினில், எப்போது வந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். கிடைப்பதெல்லாம் லைனுக்கே பொதுவான ஒரு திட்டு.

7 பீஸ் சோதனையில் தவறு சுடச்சுடக் கைக்கு வருகிறது. பேட்லாக் மெஷினில் கீழ்மடிப்பு தைக்கும் ஒருவருக்கு மஞ்சள் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, இதுல ஸ்கிப் இருக்குதுங்க."

"எந்த இடத்துலங்க? அந்தப் பீஸை இப்படிக் குடுங்க."

அந்தக் கேள்விதான் முக்கியம். தையல் விட்ட இடம் பக்கத் தையல் மடிப்பைத் தாண்டும் இடத்தில் மட்டும் என்றால், அங்கே துணி தடித்து ஊசி தடுமாறுகிறது. தையல் ஓரத்தை ஒரே பக்கமாகத் திருப்பி, அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். மடிப்பு முழுக்க ஆங்காங்கே விட்டிருந்தால் அது கைவேகத்தால் வந்ததல்ல. முதலில் ஊசியை மாற்ற வேண்டும், அப்புறமும் விட்டால் லூப்பர் டைமிங் பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். இரண்டில் எதுவானாலும் கையிலுள்ள பண்டலையும், முந்தின சோதனைக்குப் பிறகு தைத்த பண்டல்களையும் முழுக்கப் பார்த்துவிட வேண்டும். தவறான பீஸைச் செக்கிங்குக்கு உடனே அனுப்பிவிடாமல், மாற்றியபின் தைத்த பீஸோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு இதற்கான நேரம் கூலி இழப்புதான், அதை மறுக்க முடியாது. ஆனாலும் பின்னால் பிரித்துத் தைப்பதைவிட இது குறைவு.

இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. பத்துக்கு ஒரு பீஸ் வீதம் தவறு வரும் டைலருக்குக்கூட, எடுத்த ஏழும் நன்றாக அமைந்து பச்சை கிடைக்க ஏறத்தாழ பாதி வாய்ப்பு உண்டு. அதனால் ஒரு பச்சையை நம்பி நான் நிம்மதியாக இருக்க மாட்டேன். மஞ்சள் வந்து சரிசெய்தபின் விழும் முதல் பச்சையையும் அப்படித்தான் பார்ப்பேன். சூப்பர்வைசர் அன்றைக்கே அதே மெஷினில் இன்னும் இரண்டு மூன்று முறை உருவிப் பார்க்க வேண்டும். மேலாக இருக்கும் பீஸ்களையே எடுக்காமல், பண்டலின் நடுவிலிருந்தும் எடுக்க வேண்டும்.