பகிடியா, பகிடிவதையா: அறிமுக உரைக்கு எது கைகொடுக்கும்?

எங்கள் பேச்சில் 'பகிடி'க்குப் பக்கத்து வீட்டிலேயே 'பகிடிவதை' குடியிருக்கிறது. இலங்கையின் கல்வி நிறுவனங்களில் அதைத் தடை செய்ய 1998இல் 20ஆம் இலக்கச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. சீனியர்களும் ஜூனியர்களும் ஒரே மண்டபத்தில் இருக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பகிடிக்கு ஆளானவரால் எழும்பித் திருப்பிச் சொல்ல முடியுமா?

வெள்ளவத்தையில் ஒரு பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலை வைத்துப் பார்ப்போம். மின்விசிறிக்குக் கீழே முன்வரிசையில் எழுபது வயது ஐயாமார். வாசலோரம் போன வருடம் ஏ.எல். எழுதிய பெடியன்கள். புதிதாகத் தெரிவான பொருளாளருக்கு வயது இருபத்தாறு. தன்னை அறிமுகப்படுத்த இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றவரைச் சீண்டும் பகிடியை உடனே தள்ளிவிடலாம். இளையவர் மூத்தவரைச் சீண்டினால் வாய்த்துடுக்கு. மூத்தவர் இளையவரைச் சீண்டினால், அவன் சிரித்தாலும் அது மரியாதைக்குச் சிரிப்பது. மட்டக்களப்பு, மலையகம், யாழ்ப்பாணம் என்று பேச்சு வழக்கைப் பிடித்து விடும் பகிடியும் இந்த வகைதான். கொழும்பு மண்டபத்தில் மூன்று ஊராரும் இருப்பார்கள்.

அடுத்தது உள்வீட்டுப் பகிடி. பழைய வாத்தியாரின் பட்டப்பெயரைச் சொன்னால் முன்வரிசை குலுங்கும், பின்வரிசை முழிக்கும். வாத்தியாரின் மகளும் சபையில் இருந்துவிட்டால் கதை கந்தல். வடிவேலு மீம் வசனம் என்றால் அதே கூத்து மறுபக்கமாக நடக்கும்.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான்: தன்னைத்தானே பகிடி பண்ணுவது, எல்லோரும் பட்ட பாட்டைப் பகிடி பண்ணுவது.

தன்னைப் பகிடி பண்ணுவது எப்போதும் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் பார்த்த ஒரு கூட்டத்தில் புதிய பொருளாளர், "ஓ.எல்.லில எனக்குக் கணக்குக்கு வெறும் எஸ்" என்றார். பின்வரிசை கைதட்டியது. முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப செக்கில ஆர் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார். அவர் பகிடியாகக் கேட்கவில்லை. ஏற்ற வேலையைத் தொடும் குறையைச் சொன்னால் இளையவரின் தகுதியில்தான் கீறல் விழும். அதே வசனத்தை முப்பது வருடம் வங்கியில் இருந்த ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டு வரிசையும் சிரித்திருக்கும், அவருடைய கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லையே. ஆக, இது மூத்தவருக்குப் பொருந்தும். இளையவர் இதை எடுத்தால், வேலைக்குச் சம்பந்தமில்லாத சின்னக் குறை ஒன்றோடு நிற்பது நல்லது.

பொதுப்பாட்டுப் பகிடியில் இந்தச் சிக்கல் இல்லை. காலி வீதி நெரிசல் எழுபதுக்கும் தெரியும், இருபதுக்கும் தெரியும். பொருளாளர் இப்படித் தொடங்கலாம்:

"ஐயாமார், அக்காமார், அண்ணாமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். பம்பலப்பிட்டியில இருந்து 100 பஸ்ஸில வந்தனான். என்னோட வெளிக்கிட்ட அம்மா, பஸ் வேண்டாம் எண்டு நடந்து வந்தவ. எனக்கு முன்வரிசையில இடம் பிடிச்சு வைச்சதும் அவதான்."

இதில் யாருக்கும் அடி விழவில்லை, அம்மாவுக்கு வெற்றி. சொல்லொழுங்கையும் கவனியுங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால், சிரிப்பு மூட்டும் சொல் அதற்கு முன்னாலேயே மாட்டிக்கொள்ளும். "அம்மாதான் எனக்கு இடம் பிடிச்சு வைச்சவ" என்றால் விஷயம் முதல் சொல்லிலேயே போய்விடுகிறது, மிச்சத்துக்குச் சபை காத்திருக்க வேண்டும். 'அவதான்' கடைசிக்குப் போனதும் சிரிக்க இடம் கிடைக்கிறது. அந்தச் சொல்லில் குரலை இறக்காதீர்கள். மின்விசிறிச் சத்தத்தில் முன்வரிசைக் காதுகளுக்கு முதலில் தொலைவது வசனத்தின் வால்தான்.

பொதுப்பாட்டுக்கும் எல்லை உண்டு. இடப்பெயர்வு, வெளிநாட்டு விசா, எரிபொருள் வரிசை எல்லாம் எல்லோரும் பட்டவைதான், ஆனால் ஒரே அளவாகப் படவில்லை. 2022இல் வரிசையில் நின்றதைச் சிலர் சிரித்துச் சொல்வார்கள், சிலருக்கு அது இன்னும் ஆறவில்லை. அன்றைக்கு வரும் வழியில் பட்ட சில்லறைப் பாடே போதும்.

முதல்நாள் இரவு அறுபது தாண்டிய ஒருவரிடமும் இருபதை ஒட்டிய ஒருவரிடமும் தொலைபேசியில் பகிடியைச் சொல்லிப் பாருங்கள். இருவரில் ஒருவருக்கு விளக்கம் தேவைப்பட்டாலும் அதை விட்டுவிடுங்கள்.

அப்படியும் சபை சிரிக்காமல் போகலாம். மேலே உள்ள பகிடியில் சிரிப்பைக் கழித்தாலும் ஒரு தகவல் மிஞ்சும்: நான் பம்பலப்பிட்டி, அம்மாவும் வந்திருக்கிறா. மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு, "இந்த வருடக் கணக்கு விபரத்தை மூன்று மாதத்துக்கு ஒருக்கா அனுப்புவன்" என்று அடுத்த வசனத்துக்குப் போனால், அங்கே ஒரு பகிடி இருந்தது என்பதே பலருக்குத் தெரியாது.