10 கிலோ ஓமா, 1 மெகா ஓமா? பேட்டரி அளக்கும் டிவைடருக்கு எது சரி

முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் ஒற்றை லித்தியம் அயான் செல்லை ATmega328P சிப்பின் அனலாக் பின்னில் அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிப்பும் அதே செல்லில் நேரடியாக ஓடினால், சப்ளையை ரெஃபரன்ஸாக வைக்கக் கூடாது. செல் இறங்க இறங்க ரெஃபரன்ஸும் இறங்கும், எண் மாறவே மாறாது. உள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸ்தான் இங்கே உதவும். ஆனால் அது சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வோல்ட் வரை வேறுபடலாம்; எனவே பின்னுக்கு வருவது 1.0 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. பேட்டரி பக்கம் 10 பங்கு, கிரவுண்ட் பக்கம் 3 பங்கு என்று ரெசிஸ்டர் போட்டால் 4.2 வோல்ட் 0.97 ஆகிவிடும்.

இந்த விகிதத்தை 10 கிலோ ஓம், 3 கிலோ ஓம் ஜோடியிலும் பெறலாம்; 1 மெகா ஓம், 300 கிலோ ஓம் ஜோடியிலும் பெறலாம்.

சிறிய ஜோடி இடைவிடாமல் சுமார் 323 மைக்ரோ ஆம்பியர் இழுக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 230 மில்லி ஆம்பியர் மணி அதிலேயே போய்விடும். பெரிய ஜோடிக்கு இதில் நூறில் ஒரு பங்கு போதும். தூங்கித் தூங்கி எழும் கருவிக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

பெரிய ஜோடியின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பின்னிலிருந்து பார்த்தால் அதன் எதிர்ப்பு 231 கிலோ ஓம். டேட்டாஷீட் பரிந்துரைப்பதோ 10 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைவு. சிப்பின் உள்ளே மாதிரி எடுக்கும் 14 பிக்கோ ஃபாரட் கெபாசிட்டர் கிடைக்கும் நேரத்தில் முழுதாக நிரம்பாது. முன்பு படித்த சேனலின் மின்னழுத்தம் கொஞ்சம் கலந்துவிடும். வேறொரு பின்னைப் படித்த உடனே பேட்டரி எண் தாவினால் காரணம் இதுதான். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்தால், தேவைப்படும் சார்ஜை அது உடனே கொடுத்துவிடும். பதிலுக்கு 23 மில்லி செகண்ட் நேர மாறிலி வந்து சேரும். ரேடியோ அனுப்பும் சில மில்லி செகண்டில் செல் சரிவது அதில் தெரியாது. அந்தச் சரிவைப் பிடிக்க வேண்டுமானால் சிறிய ஜோடியே சரி. அளக்கும்போது மட்டும் அதை மாஸ்ஃபெட்டால் இணைத்துக்கொள்ளலாம். மற்ற பேட்டரிக் கருவிகளுக்கு பெரிய ஜோடியும் கெபாசிட்டரும்தான் என் தேர்வு.

துல்லியத்தில் இரண்டும் ஒன்றுதான். 1 சதவீத ரெசிஸ்டர்களால் 4.2 வோல்ட்டில் அதிகபட்சம் 65 மில்லி வோல்ட் பிழை வரும். ரெஃபரன்ஸ் தரும் பிழை இதைவிடப் பல மடங்கு. இந்த இரண்டு பிழைகளையும் ஒரே பெருக்கெண் சரிசெய்யும்: மல்டிமீட்டர் 3.98 காட்டும்போது analogRead 836 தந்தால், 3.98 ÷ 836 = 0.004761.

```
analogReference(INTERNAL);
analogRead(A0); // மாற்றியபின் முதல் அளவை விடுக
delay(200);
float v = analogRead(A0) * 0.004761;
```

மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில்தான் வைக்க வேண்டும். டிவைடரின் நடுப்புள்ளியில் வைத்தால், 10 மெகா ஓம் மீட்டரே பெரிய ஜோடியின் மின்னழுத்தத்தை 2 சதவீதத்துக்கு மேல் இறக்கிவிடும்.