விடியக்காலை வெளிச்சமும் குழந்தை ரூமும்: செயின் பிளைண்டா, ஸ்பிரிங் பிளைண்டா, பிளாக்கவுட் ஸ்கிரீனா?

எங்க வீடு சென்னையில ரெண்டாவது மாடி, பெட்ரூம் ஜன்னல் நேர் கிழக்கு. மே மாசக் கடைசியில இங்க சூரியன் 5:42க்கே உதிச்சிடும், வெளுக்க ஆரம்பிக்கறது அதுக்கும் இருபது நிமிஷம் முன்னாடியே. அந்த நேரத்துல குழந்தைக்கு தூக்கம் ரொம்ப மேலோட்டமா இருக்கும், கண்ணு மேல லேசா வெளிச்சம் பட்டா போதும், எழுந்து உக்காந்துக்கும். எட்டு மாசப் பையனோட தினமும் அஞ்சேகாலுக்கு எழுந்து எழுந்து ஓய்ஞ்சு போயி ரெண்டு மூணு வழி பார்த்தோம், எது எதுல என்ன நடந்துச்சுன்னு எழுதறேன்.

முதல்ல போட்டது ரோலர் பிளைண்ட், பக்கத்துல மணி மணியா செயின் தொங்குமே அது. கடையில வந்து ஜன்னல் ஃபிரேமுக்குள்ளேயே அளவெடுத்து மாட்டிக் கொடுத்தாங்க, பார்க்க அழகா இருந்துச்சு. துணியும் நிஜமாவே பிளாக்கவுட்தான், டார்ச் அடிச்சாலும் மறுபக்கம் தெரியாது. ஆனா உருளையை ரெண்டு பக்கமும் தாங்கற கிளாம்புக்கு இடம் விடணும் இல்லையா, அதனால துணி எப்பவுமே ஃபிரேமை விட கொஞ்சம் குறுகலாத்தான் வரும், எங்களுக்கு பக்கத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. காலையில அந்த ரெண்டு இடைவெளியிலயும் ட்யூப்லைட் நிக்க வெச்ச மாதிரி கோடு, ரூம் இருட்டா இருக்கறதால அது இன்னும் பளிச்சுன்னு தெரியும், அதுல ஒரு கோடு நேரா பையன் மூஞ்சியில.

வெளிச்சம் கூட பரவாயில்லைங்க, அந்த செயின்தான் என்னைப் பதற வெச்சது. கட்டில் ஜன்னலை ஒட்டிக் கிடந்துச்சு. ஒரு நாள் மத்தியானம் துணி மடிச்சுட்டு திரும்பிப் பார்க்கறேன், பையன் கட்டில்ல நின்னுகிட்டு செயினை ரெண்டு கையாலயும் பிடிச்சு வாயில வெச்சிருக்கான், அந்த வளையத்தோட இன்னொரு பக்கம் அவன் தோள்ல கிடக்கு. நான் போய் எடுத்துட்டேன், ஒண்ணும் ஆகல, ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல. வளையமா தொங்கற எதுவும் கழுத்துல மாட்டினா குழந்தையால அதை எடுத்துக்கத் தெரியாது, கால் வழுக்கி உக்காந்தாலே இறுக்கிடும், சத்தம் கூட வராது, நிமிஷக் கணக்குல உயிர் போயிடும். பக்கத்து ரூம்ல இருந்தா நமக்குத் தெரியவே தெரியாது.

செயினை சுவரோட இறுக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் கிளிப் வருதே, அதைப் போட்டுக்கலாமேன்னு வீட்டுக்காரர் சொன்னார். ஸ்க்ரூ அடிச்சு செயின் விறைப்பா நிக்கற மாதிரி மாட்டினா அது உதவும்தான், ஆனா ஸ்க்ரூவுக்கு பதிலா டேப் ஒட்டிக் கொடுத்தா நாலு இழுப்புல கையோட வந்துடும். இன்னொண்ணு, ஐரோப்பாவுல செயின் தரையிலிருந்து 1.5 மீட்டருக்கு மேலயே முடியணும்னு ஒரு தரவிதி வெச்சிருக்காங்க, நல்லதுதான், ஆனா நம்ம வீட்டுக் கணக்கைப் பாருங்க. மெத்தையோட சேர்த்து கட்டில் 55 சென்டிமீட்டர், அதுமேல பையன் நின்னு கையைத் தூக்கினா இன்னொரு 90, மொத்தம் 145 ஆயிடுச்சு. இன்னும் சில மாசத்துல 1.5 மீட்டரையும் தொட்டுடுவான். அதனால குழந்தை ரூமுக்கு செயின் பிளைண்ட் வேண்டவே வேண்டாம்ங்கறதுதான் என் முடிவு, கிளிப் போட்டாலும் சரி போடாட்டியும் சரி.

ஸ்பிரிங் பிளைண்ட் இதுக்கு நல்ல மாற்று. கீழ இருக்கற பட்டையைப் பிடிச்சு இழுத்தா இறங்கும், லேசா இழுத்து விட்டா தானா ஏறிக்கும், செயினும் இல்ல கயிறும் இல்ல. வாங்கும்போது பட்டை நடுவுல இழுக்கறதுக்குன்னு குஞ்சமோ கயிறோ தொங்கவிட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. ஆனா பக்கத்து இடைவெளி இதுலயும் அப்படியேதான் இருக்கும், ஃபிரேமுக்குள்ள மாட்டாம சுவர்லயே ஜன்னலை விட பக்கத்துக்கு 8, 10 சென்டிமீட்டர் அகலமா மாட்டினா கோடு நல்லாவே மங்கிடும். ஜன்னல் கிரில் உள்பக்கமா துருத்திட்டு இருக்கற வீடுகளுக்கு துணி அதுல உரசும், அங்க இது சரிப்படாது.

கடைசியில எங்களுக்கு நின்னது பிளாக்கவுட் துணியில வர்ற சாதாரண ஸ்கிரீன்தான், ஆனா தைக்கிற விதத்தையும் மாட்டுற விதத்தையும் மாத்தினோம். ரெடிமேடா வர்ற, மேல ராடு நுழைய வளையம் பதிச்ச ஐலெட் ஸ்கிரீன் அலை அலையா நிக்கும், சுவருக்கும் துணிக்கும் நடுவுல கிளாம்பு நீளத்துக்கு ஒரு சந்து விழும், மேல ராடைத் தாண்டி வெளிச்சம் ஏறி வெள்ளை சீலிங்ல பட்டு ரூம் முழுக்க இறங்கும். எங்க ஜன்னல் 4 அடி அகலம். ராடை ரெண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் நீட்டி, ஜன்னலுக்கு 20 சென்டிமீட்டர் மேல அடிச்சோம், துணி ஜன்னல் திண்டுக்கு கீழ ஒரு ஜாண் வரைக்கும்தான், தரை வரைக்கும் விட்டா தவழுற பிள்ளை பிடிச்சுத் தொங்கி ராடோட இழுத்துடும். நாலடி அகல ஸ்கிரீன் ரெண்டு வாங்கி, தெரிஞ்ச டைலர்கிட்ட கொடுத்து ஐலெட்டை வெட்டிட்டு ராடு நுழையற மாதிரி பாக்கெட் தைக்கச் சொன்னோம். வெளி ஓரம் ரெண்டுலயும் மேலேருந்து கீழ வரைக்கும் வெல்க்ரோ தைச்சாச்சு, சுவர்ல ஒரு மெல்லிசு ரீப்பர் கட்டையை ஸ்க்ரூ போட்டு அதுமேல வெல்க்ரோவோட இன்னொரு பாதியை ஆணி அடிச்சாச்சு. சுவர்லயே ஒட்டினா டிஸ்டம்பரோட பேந்து வரும், அந்தத் துண்டு குழந்தை வாய்க்குத்தான் போகும். பழைய வீடுகள்ல ஜன்னலுக்கு மேல மரத்துல பெல்மெட் இருக்கும், இருந்தா கழட்டாதீங்க, மேல கசியற வெளிச்சத்தை அதைவிட நல்லா எதுவும் தடுக்காது.

ஸ்கிரீனோட ரெண்டு கட்டுக்கயிறு கொடுப்பாங்க, பகல்ல ஓரமா சேர்த்துக் கட்டறதுக்கு. சுவர்ல கொக்கி போட்டு அது வளையமா தொங்கினா அதுவும் செயின் மாதிரிதான், பையிலிருந்து எடுத்த அன்னிக்கே குப்பையில போட்டுட்டேன். கட்டிலையும் ஜன்னலை விட்டு மூணடி தள்ளிப் போட்டாச்சு, ஸ்கிரீன்ல கயிறே இல்லைன்னாலும் இதைச் செய்யுங்க, நைட் லேம்ப் வயர் கூட அந்தப் பக்கம்தானே ஓடுது.

துணி வாங்கும்போது கடையிலயே ஃபோன் டார்ச்சைப் பின்னாடி வெச்சுப் பாருங்க. வெறும் அடர் கலர் துணியா இருந்தா டார்ச் வட்டமா தெரியும், பூச்சு பூசின துணின்னா தெரியாது, தையல் ஓட்டையில மட்டும் பொட்டுப் பொட்டா வரும், அது பரவாயில்ல. மூணு நாள் பால்கனியில காயப்போட்டா அந்த ரப்பர் வாசனை போயிடும். பின்பக்கம் இஸ்திரி போடாதீங்க, பூச்சு உருகிடும்.

ஊருக்குப் போகும்போது கண்ணாடியில ஒட்டற சக்ஷன் கப் ஷீட்டை எடுத்துட்டுப் போறோம், ரெண்டு நாளைக்கு ஓகே, தூசி படிஞ்ச கண்ணாடியில ராத்திரியே பொத்துன்னு விழுந்துடும், மரக்கதவு ஜன்னலுக்கு ஆகாது, அங்க கதவைச் சாத்தினாலே இருட்டுதான்.

ஸ்கிரீன்ல எங்களுக்கு இருக்கற ஒரே தலைவலி காத்து. வெல்க்ரோ போட்டு மூடினா ஜன்னல் திறந்திருந்தும் காத்து வராது, கரண்ட் போனா பத்து நிமிஷத்துல பையன் வேர்த்துடுவான், அப்ப வெளிச்சத்தைப் பார்க்காம ஒரு பக்கம் பிரிச்சு விட்டுடறேன். இப்ப ஆறே முக்கால் வரைக்கும் தூங்கறான், என்னிக்காவது அஞ்சரைக்கே எழுந்தா ரூம் இருட்டாத்தான் இருக்கு, அது பசி, பால் கொடுத்தா மறுபடி தூங்கிடறான்.