சமையல்மேடைத் தீவு சிங்க்குக்குக் காற்றுநுழை வால்வு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

சமையலறையின் நடுவே தனித்து நிற்கும் மேடையில் சிங்க் வைத்தால், பக்கத்தில் சுவர் இருக்காது. குழாய்க்குக் காற்று கொடுக்கும் வென்ட் குழாயைக் கூரைக்கு ஏற்ற வழியும் இருக்காது. ஒரு சிங்க் நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டால், குழாயில் இறங்கும் நீர் பின்னால் காற்றை இழுக்கும். காற்று கிடைக்காவிட்டால், சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் டிராப்பில் தேங்கியிருக்கும் நீரையே உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த நீர் போனால் சாக்கடை நாற்றம் நேராக அடுக்களைக்குள் வரும். காற்றுநுழை வால்வு உறிஞ்சல் வரும்போது மட்டும் திறந்து காற்றை உள்ளே விடும். மற்ற நேரம் அதன் ரப்பர் சவ்வு தன் எடையிலேயே மூடிக்கொள்ளும்.

பொருத்தும்போது டிராப்பிலிருந்து வரும் கிடைக்குழாயில் மூன்று வாயுள்ள டீ இணைப்பு ஒன்றை வைத்து, அதன் மேல்வாயிலிருந்து குழாயை நிமிர்த்தி, உச்சியில் வால்வைத் திருக வேண்டும். வால்வு அந்தக் கிடைக்குழாயைவிடக் குறைந்தது 100 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும், மேடைப் பலகைக்கு அடியில் இடம் இருக்கும் வரை இன்னும் ஏற்றுவது நல்லது. தாழ்த்தி வைத்தால், அடைப்பு வரும் நாளில் எண்ணெய்ப்பசை கலந்த நுரை ஏறிச் சவ்வில் படியும். வால்வு கெடுவதற்கு இது ஒரு காரணம். குழாய் சாய்ந்திருந்தாலும் சவ்வு சரியாக உட்காராது. மரையில் டெஃப்ளான் டேப் சுற்றிக் கையால் இறுக்கினால் போதும், ரெஞ்சு வேண்டாம். பிறகு கழற்ற முடியும்படி கைக்கு எட்டும் இடத்தில், காற்று வந்துபோகும் அலமாரிக்குள் வையுங்கள்.

வாங்கும்போது சவ்வு வகையையே கேட்டு வாங்குங்கள். ஸ்பிரிங் வைத்த சிறு வால்வுகள் மலிவு. ஆனால் ஸ்பிரிங் துருப்பிடித்தோ தளர்ந்தோ போனதும் சரியாக மூடாது.

சில ஆண்டுகள் கழித்து ஐயம் வந்தால் ஒரு மெல்லிய காகிதத் துண்டே போதும். சிங்க்கை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிட்டு, காகிதத்தை வால்வின் காற்றுவாய் அருகே பிடியுங்கள். உள்ளே இழுக்கப்பட்டால் வால்வு திறக்கிறது. காகிதம் அசையாமல் டிராப்பில் களக் களக்கென்று சத்தம் வந்தால் சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் போகாத நேரத்தில் நாற்றம் அடித்தால் முதலில் டிராப்பில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வால்வின் மேல் பிளாஸ்டிக் பை கட்டி ஒரு நாள் விடுங்கள். நாற்றம் நின்றால் சவ்வு மூடவில்லை. பழுதுபார்க்க முயலாமல் புதியதை மாற்றிவிடுவதே சரி. பை கட்டிய நாளில் சிங்க்கைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒன்றை இதனால் செய்யவே முடியாது. குழாய்க்குள் காற்று அழுந்தித் திரும்பி வந்தால் அதை வெளியே விட இந்த வால்வுக்கு வழியில்லை. அதனால் கட்டடத்தில் குறைந்தது ஒரு வென்ட் குழாயாவது வெட்டவெளிக்குத் திறந்திருக்க வேண்டும். வேறெங்கோ கழிப்பறையில் தண்ணீர் விடும்போது இங்கே டிராப் குமிழியிட்டால், வால்வை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. அந்தத் திறந்த வென்ட்டோ முதன்மைக் குழாயோ அடைத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.