ஒரே புரதம், இரு துணையூக்கிகள்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு இரண்டு தவணையா, மூன்றா?

எஞ்சரிக்ஸ்-பி, ஹெப்லிசாவ்-பி இரண்டுமே ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதத்தைக் கொண்டவை. பெரியவர்களுக்கான தவணையில் புரதத்தின் அளவும் ஒன்றே, 20 மைக்ரோகிராம். ஆனால் முதலாவதை 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று முறை போட வேண்டும். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இரண்டாவது, ஒரு மாத இடைவெளியில் இரண்டே ஊசியில் முடிகிறது. வேறுபாடு, அட்ஜுவண்ட் எனப்படும் துணையூக்கியில் இருக்கிறது.

தூய்மைப்படுத்திய புரதம் மட்டும் உள்ளே போனால் உடல் அதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கிருமி வந்திருப்பதற்கான அறிகுறி எதுவும் அதில் இல்லை. அந்த அறிகுறியைத் தருவதுதான் துணையூக்கியின் வேலை. எஞ்சரிக்ஸில் இருப்பது 1930களிலிருந்து பயன்பாட்டில் உள்ள அலுமினிய உப்பு வகை. புரதம் அதன் துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. ஊசி போட்ட இடத்தில் மெல்லிய அழற்சி உண்டாகி, நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே வந்து புரதத்தை விழுங்கி நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. ஹெப்லிசாவில் இருப்பது சிபிஜி 1018 என்ற சிறு டிஎன்ஏ துண்டு. பாக்டீரியாவின் டிஎன்ஏவைப் போன்ற அமைப்பு கொண்டதால், செல்லுக்குள் காவல் நிற்கும் டிஎல்ஆர்9 என்ற ஏற்பி அதை உடனே அடையாளம் காண்கிறது. அலுமினியத்தின் எச்சரிக்கை சுற்றுவழியில் வருகிறது. சிபிஜியோ நேரடியான அபாயச் சங்கு.

அப்படியானால் ஒரே ஊசி போதாதா? நிணநீர் முடிச்சில், ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்கள் பெருகி, மரபணு மாற்றங்களின் வழியே புரதத்தை இறுகப் பற்றுபவை தேறி வருவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். அவற்றில் ஒரு பகுதி நினைவுச் செல்களாகின்றன. அடுத்த தவணை அந்தத் தேர்ந்த செல்களை எழுப்புவதால்தான் ஆன்டிபாடி பல மடங்கு உயர்கிறது. ஆறாம் மாத ஊசியின் பொருள் இதுவே. தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாவது தவணை வேறு கதை: உயிருள்ள, வலுவிழந்த வைரஸே போதிய எச்சரிக்கை தருவதால் துணையூக்கி வேண்டியதில்லை, முதல் ஊசி பலிக்காத சிலருக்காகவே பெரும்பாலும் அது போடப்படுகிறது.

இரண்டு ஊசிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களில் ஹெப்லிசாவ் 90 விழுக்காட்டினருக்கும் எஞ்சரிக்ஸ் 65 விழுக்காட்டினருக்கும் பாதுகாப்பு அளவை எட்டவைத்தது. அந்த அளவு, ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 10 மில்லி சர்வதேச அலகு ஆன்டிபாடி. அதே ஆய்வில் ஹெப்லிசாவ் பெற்றவர்களிடம் மாரடைப்பு சற்று அதிகமாகத் தென்பட்டது. பின்னர் நடத்திய பெரிய கண்காணிப்பில் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

ஆகவே நீரிழிவு உள்ளவர், நடுவயதைக் கடந்தவர், மூன்றாம் ஊசிக்கு வராமல் நின்றுவிடக்கூடியவர் ஆகியோருக்கு, கிடைக்குமானால் நான் ஹெப்லிசாவையே தேர்வேன். குழந்தைகளுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை: ஹெப்லிசாவின் அனுமதி பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமே, அலுமினிய வகைக்குக் குழந்தைகளின் உடல் நன்றாகவே வினைபுரிகிறது. இடையில் தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.