முன்-பின் ஆய்வுக்கு எத்தனை பேர்: பைலட்டா, பழைய கட்டுரையா?

பெங்களூரு ஜெயநகரில் யோகா வகுப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் அளக்கத் திட்டமிடும் தோழி கேட்டாள்: "வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை எங்கிருந்து எடுப்பது?" அவள் எதிர்பார்ப்பது சராசரியாக 5 மி.மீ. குறைவு. 80% திறன், 5% இருபக்கச் சோதனை, வித்தியாசங்களின் திட்ட விலக்கம் SD_d என்றால், தேவையான ஆட்கள் n:

```
n = 7.84 × (SD_d / 5)²
```

பழைய கட்டுரை
செலவு: இல்லை.
சிக்கல்: பெரும்பாலும் முன், பின் அளவுகளின் விலக்கம்தான் அச்சாகியிருக்கும், வித்தியாசத்தின் விலக்கம் இருக்காது. இரண்டும் 15 என்றால்:

```
SD_d = 15 × √(2(1 − r))
```

முன், பின் அளவுகளுக்கு இடையிலான தொடர்புக் கெழு r 0.5 என்றால் SD_d 15, தேவை 71 பேர். 0.8 என்றால் சுமார் 9.5, 29 பேர் போதும். ஒரு ஊகம் எண்ணிக்கையைப் பாதியைவிடக் குறைவாக்கிவிடுகிறது! அதனால் r தெரியாவிட்டால் 0.5 வைப்பதே எனக்குச் சரி.

பைலட்
செலவு: 10 பேர், சில வாரங்கள்.
பலம்: ஒவ்வொருவரின் வித்தியாசமும் நேரடியாகக் கையில் இருக்கும்.
சிக்கல்: 10 பேரில் வந்த விலக்கம் தள்ளாடும். 10 என்று வந்தால் 32 பேர் என்று நின்றுவிடாதீர்கள். விலக்கத்தின் ஒருபக்க 80% நம்பிக்கை மேல் எல்லையான 12.9 வைத்தால் 53 பேர்.

எதுவானாலும் t பங்கீட்டுக்காக இருவரைச் சேருங்கள், அப்புறம் இடையில் விலகுபவர்களுக்கும்.

வகுப்பு தன் கையிலேயே இருப்பதால் தோழிக்கு பைலட்தான். நெறிமுறைக் குழுவுக்கு அடுத்த வாரமே தாள் தர வேண்டியவர்களுக்குக் கட்டுரை, 0.5 வைத்து.