போட்டியாளர் பெயரைப் போட்டு ஒப்பிடுவதா, "மற்றவை" என்று மழுப்புவதா?

கோவையில் வெட் கிரைண்டர் செய்யும் ஒரு நிறுவனத்துக்குத் துண்டுப் பிரசுரம் எழுதும்போது இரண்டு வழி இருந்தது. போட்டி மாடலின் பெயரையே போட்டு ஒப்பிடலாம். இல்லையென்றால் வழக்கம்போல "மற்ற கிரைண்டர்களைவிட" என்று எழுதிப் பக்கத்தில் மங்கலாக ஒரு படம் வைக்கலாம். நாங்கள் பெயர் போட்டோம், இன்னும் நான் அந்தப் பக்கம்தான்.

பெயர் சொல்லாத வழியில் எதிராளிக்கு இலவச விளம்பரம் கிடைக்காது, முதலாளியும் நிம்மதியாக இருப்பார். அது சரிதான், ஆனால் பெயர் சொல்லவில்லை என்பதாலேயே வழக்கு வராது என்று நினைப்பது தப்பு. உஜாலா விளம்பரத்தில் ராபின் ப்ளூவின் பெயர் வரவில்லை. ஆனால் பாட்டிலின் வடிவமும் 10 ரூபாய் விலையும் அதைத்தான் காட்டின, கல்கத்தா உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எந்த பிராண்டையும் காட்டாமல் "வெயில் காலத்தில் சியவன்பிராஷ் வேண்டாம்" என்ற தொனியில் இமாமி விளம்பரம் செய்தபோதும், அந்தச் சந்தையில் முன்னணியில் இருந்த டாபர் 2004-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம், ஆதாரச் சுமை. "மற்ற கிரைண்டர்களைவிட அதிக வாரண்டி" என்று எழுதினால் சந்தையில் உள்ள எல்லா கிரைண்டரையும்விட அதிகம் என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார், புகார் வந்தால் அத்தனையையும் நாம் பார்த்திருக்க வேண்டும். ஏதோ ஒரு சின்ன கம்பெனி அதே வாரண்டி கொடுத்தால்கூட வரி பொய்யாகிவிடும். ஒரே ஒரு மாடலின் பெயரைச் சொன்னால் அந்த ஒன்றின் வாரண்டி அட்டை போதும். கடையில் வாங்கி, பில்லோடு அட்டையையும் பத்திரப்படுத்தி, எந்தத் தேதியில் பார்த்தது என்று பிரசுரத்திலேயே அச்சிட்டுவிட்டோம். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. எந்த அம்சத்தை ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், ஆதாரம் வேண்டும், நமக்குச் செயற்கையாகச் சாதகம் வரும்படி அம்சத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அந்தக் கடைசி விதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். கிரைண்டர் நிறுவனம் முதலில் அனுப்பிய வரி "எங்களுக்கு 5 ஆண்டு, அவர்களுக்கு 2 ஆண்டு". அட்டையைப் படித்தால் நம் 5 ஆண்டு மோட்டாருக்கு மட்டும், அவர்களுடைய 2 ஆண்டு முழு இயந்திரத்துக்கும். இரண்டு எண்ணும் உண்மை, ஒப்பீடு பொய். மோட்டாருக்கு மட்டும் அவர்கள் தனியாகக் கொடுப்பது அந்த 2 ஆண்டைவிட அதிகம். மோட்டாருக்கு மோட்டார் என்று மாற்றினோம், வித்தியாசம் குறைந்தது, ஆனால் யார் கேட்டாலும் அட்டையை நீட்டலாம்.

இதே ஓட்டைதான் காம்ப்ளான்-ஹார்லிக்ஸ் வழக்கிலும். ஒரு கப் காம்ப்ளானில் இரண்டு கப் ஹார்லிக்ஸ் அளவுக்குப் புரதம் என்றது விளம்பரம். காம்ப்ளான் கப்புக்கு 33 கிராம் பொடி, ஹார்லிக்ஸ் கப்புக்கு 27 கிராம். கப் கணக்கில் இரு மடங்கு வருகிறது, ஆனால் 100 கிராம் பொடிக்குப் பார்த்தால் புரதம் 18 கிராமுக்கு 11 கிராம், அதாவது இரு மடங்குக்குக் கீழே. கப்புக்குப் போடும் பொடியின் அளவு வேறு வேறு என்பது டிவி பார்ப்பவருக்குப் புரியும்படி சொல்லப்படவில்லை என்று 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த டிவி விளம்பரத்தைத் தடுத்தது. அடியில் பொடி எழுத்தில் போட்டுவிட்டோமே என்ற சமாதானம் செல்லாது. எண் எந்த அலகில் என்பது தலைப்பு வரியிலேயே இருக்கட்டும்.

சட்டப்படி பெயர் போடுவது குற்றமில்லை. 1999 வணிகச் சின்னச் சட்டத்தின் 30(1) பிரிவு நேர்மையான வணிக வழக்கத்துக்கு உட்பட்ட பயன்பாட்டை அனுமதிக்கிறது. 29(8) அதன் மறுபக்கம், எதிராளியின் சின்னத்தின் நற்பெயரைக் கெடுத்தால் மீறல். அதனால் பெயரைச் சாதாரண எழுத்தில் மட்டும் போட்டோம், லோகோ இல்லை, படம் இல்லை, "பாவம்", "பழைய காலத்து" மாதிரி அடைமொழி ஒன்றும் இல்லை. "நாங்கள்தான் பெஸ்ட்" என்று மார்தட்டலாம், "அவன் பொருள் மட்டம்" என்று சொல்லக் கூடாது, நீதிமன்றங்கள் கோடு போடுவது அங்கேதான்.

டிவி விளம்பரம் நான் எழுதியதில்லை. அங்கே கதை, முகபாவம், பின்னணிக் குரல் எல்லாவற்றையும் எடை போடுவார்கள், அதற்கு வக்கீல் பார்க்காமல் இறங்க வேண்டாம். மருந்து, குழந்தை உணவு பக்கமும் இதை அப்படியே கொண்டு போகாதீர்கள், அங்கே தனிச் சட்டங்கள் உண்டு.

பெயர் போடும் வழியில் பெரிய தலைவலி பராமரிப்பு. எதிராளி வாரண்டியைக் கூட்டிவிட்டால் அன்றிலிருந்து நம் வரி பொய். பிரசுரத்தைக் குறைவாக அடித்து, ஒவ்வொரு மறு அச்சுக்கும் முன் புது அட்டையைப் பார்க்கிறோம், நடுவில் மாறியது தெரிந்தால் மிச்சக் கட்டைத் திரும்ப வாங்கிவிடுகிறோம். டீலர் கடை பேனரில் அது நடக்காது, மாட்டியதை யாரும் போய்க் கழற்றுவதில்லை. அதனால் பேனரில் மட்டும் நம் மோட்டார் வாரண்டியை எழுதி நிறுத்திக்கொண்டோம், ஒப்பீடே இல்லை.